பணம் யார் பெயருக்குப் போகிறது? பழைய வண்டி விளம்பரங்களில் நடக்கும் முன்பண மோசடி

"வண்டி நல்ல கண்டிஷன் சார். திடீரென்று வேலை மாறி வெளியூர் வந்துவிட்டேன், அதனால்தான் இந்த விலைக்குக் கொடுக்கிறேன். காலையிலிருந்து நிறைய பேர் கேட்கிறார்கள். நீங்கள் ஒரு சின்ன அட்வான்ஸ் போட்டுவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்."

இணையத்தில் பழைய கார், பைக் தேடிய பலருக்கு இந்த நான்கு வாக்கியங்களும் ஏதோ ஒரு வடிவத்தில் வந்திருக்கும். சாதாரணப் பேச்சு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. "வெளியூர் வந்துவிட்டேன்" என்ற ஒரே பதில் இரண்டு சந்தேகங்களை அடைக்கிறது: விலை ஏன் குறைவு, வண்டியை ஏன் நேரில் பார்க்க முடியாது. "நிறைய பேர் கேட்கிறார்கள்" என்பது யோசிக்கவும் நாலு பேரிடம் விசாரிக்கவும் வேண்டிய நேரத்தைப் பறிக்கிறது. கடைசி வாக்கியம் பணத்தைக் கேட்கிறது, அதுவும் சின்னத் தொகையாக.

பொய் விளம்பரத்தைக் கண்டுபிடிக்க எழுத்துப்பிழை, மங்கலான படம், நம்ப முடியாத விலை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார்கள். அவையெல்லாம் கற்றுக்குட்டிகளைப் பிடிக்க உதவும். தொழிலாகச் செய்பவர்களின் விளம்பரத்தில் பிழை இருக்காது, படம் தெளிவாக இருக்கும், விலையும் ஓரளவு நம்பும்படி இருக்கும். காரணம் எளிது. அது பெரும்பாலும் வேறொருவர் போட்ட உண்மையான விளம்பரத்தின் நகல். படம் உண்மை, பதிவு எண் உண்மை, பதிவுச் சான்றும் உண்மை. விற்பதாகச் சொல்லும் ஆள் மட்டும்தான் பொய். அதனால் விளம்பரத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஓர் எல்லைக்கு மேல் பயன் இல்லை. ஆளையும் பணம் போகும் வழியையும்தான் பார்க்க வேண்டும்.

அலெக்சாண்ட்ரியாவிலிருந்து வந்த கார்கள்

இது ஏதோ ஒரு தனி ஆள் அறையில் உட்கார்ந்து செய்யும் வேலை என்று நினைத்தால் தப்புக் கணக்கு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலக் கூட்டரசு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு, இது எப்படி நடத்தப்படுகிறது என்பதைத் திறந்து காட்டியது. ருமேனியாவில் அலெக்சாண்ட்ரியா என்ற ஊரை மையமாகக் கொண்டு இயங்கிய கும்பல் அது. பிரபல விற்பனைத் தளங்களில் இல்லாத பொருள்களுக்கு, பெரும்பாலும் வாகனங்களுக்கு, விளம்பரம் போட்டார்கள். சிக்கியவர்கள் குறைந்தது 900 அமெரிக்கர்கள்.

அவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம்தான் நாம் கவனிக்க வேண்டியது. விளம்பரம் போட ஒரு குழு, திருடப்பட்ட அடையாளங்களோடு. வாங்க வருபவரிடம் கதை சொல்ல ஒரு குழு. ராணுவத்தில் இருக்கிறேன், வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள், போவதற்குள் வண்டியை விற்க வேண்டும் என்பது அந்தக் கதைகளில் ஒன்று. கதையை நம்பியவருக்குப் பெயர் பெற்ற நிறுவனங்களின் முத்திரையோடு ரசீது வரும். சந்தேகம் கேட்க அவர் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால், அங்கே எடுப்பவரும் இதே கும்பலின் ஆள். அப்படி ஒரு கால் சென்டரையே வைத்திருந்தார்கள். வந்த பணம் பிட்காயினாக மாறிக் கடல் தாண்டியது. அதை மாற்றிக் கொடுத்த பல்கேரிய நாணய மாற்று நிறுவனத்தின் உரிமையாளருக்கு 2021 ஜனவரியில் 121 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இந்த வழக்கிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். "நிறுவனத்துக்கே போன் செய்து கேட்டேன், சரி என்று சொன்னார்கள்" என்பது ஏமாந்தவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அவர்கள் கேட்டது உண்மைதான். ஆனால் அந்த எண், ரசீதில் அச்சிட்டிருந்த எண். சந்தேகப்படும் காகிதத்திலிருந்தே சந்தேகம் தீர்க்கும் எண்ணை எடுத்தால் பதில் எப்போதும் "சரி" என்றுதான் வரும். நிறுவனத்தின் தளத்துக்கு நாமே முகவரியைத் தட்டச்சு செய்து போய், அங்கிருந்து எண்ணை எடுக்க வேண்டும்.

பணத்தை நடுவில் ஒருவர் வைத்திருந்து, வண்டி கைக்கு வந்த பிறகு விற்பவருக்குக் கொடுக்கும் எஸ்க்ரோ சேவைகளும் இதே மாதிரிதான் போலியாக வருகின்றன. விற்பவர் தானாகவே ஒரு எஸ்க்ரோ தளத்தின் இணைப்பை அனுப்பினால் அந்தத் தளத்தின் வயதைப் பாருங்கள். lookup.icann.org போன்ற பக்கத்தில் தளத்தின் பெயரைக் கொடுத்தால், பெரும்பாலான பெயர்களுக்கு அது பதிவு செய்யப்பட்ட தேதி வரும். "பல ஆண்டுகளாக லட்சக்கணக்கானோர் நம்பும் சேவை" என்று முகப்பில் எழுதியிருக்கும் தளம் மூன்று வாரத்துக்கு முன்பு பிறந்திருந்தால் வேறு ஆதாரம் தேவையில்லை. அப்புறம், ஈபே தரும் வாகனக் கொள்முதல் பாதுகாப்பு அந்தத் தளத்துக்குள் முடியும் வியாபாரத்துக்கு மட்டும்தான். வேறொரு தளத்தில் பார்த்த வண்டிக்கு "ஈபே பாதுகாப்பு உண்டு" என்று ஒருவர் ரசீது அனுப்பினால், அந்த ஒரு வரியிலேயே அது பொய் என்று தெரிந்துவிடும்.

படம் கேட்டால் படம் வரும்

விவரம் தெரிந்தவர்கள் முதலில் செய்வது படத்தைத் தேடிப் பார்ப்பது. விளம்பரப் படத்தைச் சேமித்து, படத் தேடல் வசதியில் ஏற்றினால் அதே படம் வேறு எங்கே இருக்கிறது என்று காட்டும். இது நல்ல முதல் வேலை. அதே கார் வேறு ஊரில், வேறு விலையில், வேறு எண்ணோடு வந்தால் கதை அங்கேயே முடிந்தது. ஆனால் எதுவும் வரவில்லை என்பதால் படம் புதியது என்று ஆகிவிடாது. படத்தை இடவலமாகத் திருப்பினாலோ ஓரத்தை வெட்டினாலோ தேடல் தவறவிடலாம். பல விற்பனைத் தளங்களின் பக்கங்கள் தேடலில் ஏறுவதே இல்லை. திருப்பிய படத்தைக் கண்ணாலேயே பிடிக்கலாம்: ஸ்டீயரிங் எந்தப் பக்கம், பெட்ரோல் மூடி எந்தப் பக்கம், பின்னால் பொறித்த மாடல் பெயர் சரியாக வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

அடுத்த அறிவுரை எல்லோரும் சொல்வது: "இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி வண்டி மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்." நானும் இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது இதை மட்டும் நம்ப வேண்டாம் என்று சொல்கிறேன். மோசடிக்காரன் அந்த வேண்டுகோளை அப்படியே உண்மையான உரிமையாளருக்கு அனுப்பிவிட முடியும். அவரிடம் இவன் "வாங்குபவன்". "சார், வண்டி இன்னும் இருக்கிறதா என்று தெரிய இன்றைய தேதியோடு ஒரு படம் அனுப்புங்கள்" என்பான். நல்ல மனிதர், அனுப்புவார். அது உங்களுக்கு வரும். பதிவுச் சான்று, காப்பீட்டுத் தாள், எஞ்சின் ஓடும் வீடியோ, எது கேட்டாலும் இதே வழியில் வரும். நீங்கள் எவ்வளவு கவனமாகக் கேட்கிறீர்களோ அவ்வளவு நம்பிக்கை உங்களுக்கு ஏறுகிறது. இதுதான் கொடுமை.

இந்த அஞ்சல் வேலைக்கு நேரம் பிடிக்கும். அங்கேதான் அவன் மாட்டுவான். நேரலை வீடியோ அழைப்பில், "இப்போது பானெட்டைத் திறங்கள், இடது முன் டயர் பக்கம் வாருங்கள், அந்தக் கீறலைக் கிட்டே காட்டுங்கள்" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். உண்மையான உரிமையாளர் உடனே செய்வார். நடுவில் இருப்பவனால் முடியாது. "நெட் சரியில்லை", "வண்டி மச்சான் வீட்டில் நிற்கிறது, மாலையில் எடுத்து அனுப்புகிறேன்" என்று தள்ளுவான். மாலையில் வீடியோ வரும், கேட்டது எல்லாம் இருக்கும். ஆனால் நேரலையாக மட்டும் வராது.

சேசிஸ் எண்ணைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். இன்றைய கார்களில் அது ஐ.எஸ்.ஓ 3779 தரப்படி எழுத்தும் எண்ணும் கலந்த 17 குறிகள் கொண்டது. பழைய வண்டிகளில் நீளம் வேறுபடலாம். இந்த 17-இல் I, O, Q என்ற எழுத்துகள் வராது, ஏனென்றால் அவை 1, 0 என்ற எண்களோடு குழம்பும். அனுப்பிய சான்றில் அந்த எழுத்துகளில் ஒன்று இருந்தால், ஒன்று யாரோ தவறாகப் படித்து அடித்திருக்கிறார்கள் அல்லது அது போலித் தாள். எண்ணை அரசுப் பதிவேட்டில் போட்டுப் பார்த்தால் மாடல், நிறம், ஆண்டு தெரியும் நாடுகள் பல உண்டு. பார்க்க வேண்டியதுதான். ஆனால் எண் சரியாக இருந்தால் நிரூபணமாவது ஒன்றே ஒன்று: அப்படி ஒரு வண்டி இந்த உலகில் இருக்கிறது. உங்களோடு பேசுபவருக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பதை எண் சொல்லாது.

நேரில் பார்த்தும் ஏமாறுவது எப்படி

"வண்டியை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதே" என்பதோடு பெரும்பாலான அறிவுரைகள் முடிந்துவிடுகின்றன. நல்ல அறிவுரைதான். வெளியூர்க் கதைகள் எல்லாம் அதிலேயே செத்துப்போகும். ஆனால் வண்டியைப் பார்த்து, ஓட்டி, மெக்கானிக்கையும் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது.

ஒருவர் தன் காரை விற்க விளம்பரம் போடுகிறார். அவர் கேட்கும் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். மோசடிக்காரன் அந்தப் படங்களை எடுத்து, தன் எண்ணைப் போட்டு, 80 என்று இன்னொரு விளம்பரம் போடுகிறான். பாதி விலை போட்டால் சந்தேகம் வரும், 80 என்றால் "நல்ல பேரம்" என்று தோன்றும். வாங்க நினைக்கும் ஒருவர் அழைக்கிறார்.

இப்போது அவன் இரண்டு பக்கமும் பேசத் தொடங்குகிறான். உரிமையாளரிடம்: "அண்ணா, நீங்கள் சொன்ன 100-க்கே எடுத்துக்கொள்கிறேன், பேரம் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் வந்து பார்ப்பார். அவருக்கு நான் பணம் தர வேண்டியிருக்கிறது, அதற்குப் பதிலாக இந்த வண்டியைக் கொடுக்கப் போகிறேன். அதனால் அவரிடம் விலை மட்டும் பேசாதீர்கள், கேட்டால் என்னிடம் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள்." வாங்குபவரிடம்: "தம்பி, வண்டி என் உறவினர் வீட்டில் நிற்கிறது, அவர் பெயரில்தான் பதிவும் இருக்கிறது. அவர் எனக்குத் தர வேண்டிய கடனுக்காகக் கொடுத்துவிட்டார். போய் நன்றாகப் பாருங்கள், ஓட்டிப் பாருங்கள். விலையை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள், இவ்வளவு குறைவாகக் கொடுக்கிறேன் என்று தெரிந்தால் வீட்டில் சண்டை வரும்."

வாங்குபவர் போகிறார். வண்டி அங்கே நிற்கிறது. எண், சான்று, ஆள் எல்லாம் பொருந்துகின்றன. பெயரும் அவன் சொன்ன அதே உறவினரின் பெயர். மெக்கானிக் பார்த்துச் சரி என்கிறார். இருவரும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள், விலையைத் தவிர எல்லாம் பேசுகிறார்கள். வாங்குபவர் வெளியே வந்து அவனை அழைத்து "பிடித்திருக்கிறது" என்கிறார். "சரி, இந்தக் கணக்கில் போட்டுவிடுங்கள், நான் அவரிடம் சாவியைக் கொடுக்கச் சொல்கிறேன்." 80 போகிறது. அந்த நேரத்தில் உரிமையாளரின் போனுக்கு 100 அனுப்பியதாக ஒரு பொய்யான ஸ்கிரீன்ஷாட் வருகிறது, "வங்கியில் கொஞ்சம் தாமதம், கணக்கில் ஏறிவிடும்" என்ற சமாதானத்தோடு.

உரிமையாளர் அனுபவசாலியாக இருந்தால் கணக்கில் பணம் ஏறாமல் சாவி கொடுக்க மாட்டார். அப்போது வாங்குபவர் தன் பணம் முழுவதையும் இழந்து அவர் வாசலில் நிற்பார். உரிமையாளர் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் நட்டம் அவருக்கு. எப்படியானாலும் அங்கே நிற்கும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திருடன் என்று நினைத்துச் சண்டை போடுவார்கள். மூன்றாமவன் அதற்குள் எண்ணை அணைத்துவிட்டிருப்பான். ஏமாந்த இருவரும் காவல் நிலையத்தில் ஒருவர் மேல் ஒருவர் புகார் எழுதுவது இந்த மோசடியின் கடைசிக் காட்சி.

இது முழுவதும் ஒரே ஒரு வாக்கியத்தின் மேல் நிற்கிறது: "அவரிடம் விலை பேசாதீர்கள்." படித்தவர்களும் ஏன் இதற்குக் கட்டுப்படுகிறார்கள்? அவன் அதைக் கட்டளையாகச் சொல்வதில்லை. ரகசியமாகச் சொல்கிறான். தன் குடும்பத்துச் சங்கடத்தை நம்மிடம் பகிர்ந்துகொண்டவன்மேல் ஒரு பரிவு வருகிறது. கூடவே, அந்த ரகசியத்தைக் காப்பாற்றினால் நமக்கு 20 லாபம் என்ற கணக்கும் உள்ளே ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து வாயைக் கட்டிவிடுகின்றன. அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் தலையிடக் கூடாது என்ற நம் நல்ல பழக்கத்தையே அவன் பூட்டாகப் போடுகிறான்.

ஆகவே வண்டிப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்க வேண்டியது இரண்டு கேள்விகள்தான். இந்த வண்டி உங்களுடையதா? நீங்கள் என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள்? கேட்டவுடன், ஐந்து நிமிடத்தில், எல்லாம் வெளியே வந்துவிடும். யாருக்காவது சங்கடமாகப் போனால் போகட்டும். விலை பேசக் கூடாது என்று எந்தக் காரணத்துக்காகச் சொன்னாலும், அந்த வார்த்தை வந்த நிமிடமே அந்த வியாபாரத்தை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. நேர்மையான விற்பனையில் அப்படி ஒரு நிபந்தனைக்கு இடமே இல்லை. இன்னொரு அடையாளமும் உண்டு. நீங்கள் வண்டி பார்க்கும் நேரம் முழுவதும் அவன் போனில் உங்களைத் தொடர்ந்து கொண்டிருப்பான். நீங்களும் உரிமையாளரும் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கிடைப்பதைத்தான் அவன் அஞ்சுகிறான்.

விற்பவராக இருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். பேரமே பேசாமல் கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்டு, தான் வராமல் வேறொருவரை அனுப்பி, அவரிடம் விலை பேச வேண்டாம் என்று சொல்பவரிடம் "நீங்களே வாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

சின்னத் தொகை ஏன் சின்னதாக இருக்கிறது

வெளியூர்க் கதைக்குத் திரும்புவோம். அதில் கேட்கப்படும் முதல் அட்வான்ஸ் மிகச் சிறியது, விலையில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு. "போனால் போகட்டும்" என்று தோன்றும் அளவு. மோசடிக்காரனுக்கு அந்தத் தொகை முக்கியம் இல்லை. யார் பணம் அனுப்பக்கூடியவர் என்று பொறுக்கி எடுக்கும் சல்லடை அது. அனுப்பியவருக்கு அடுத்த நாள் வண்டி லாரியில் ஏற்றப்பட்ட படமும் ஒரு ரசீதும் வரும். அப்புறம் போக்குவரத்துக் கட்டணம், அது கட்டிய பிறகு வழியில் காப்பீடு, அதற்குப் பிறகு எல்லையில் ஒரு வரி. கடைசி இரண்டுக்கும் "வண்டி வந்ததும் திருப்பித் தரப்படும்" என்ற வாக்குறுதி சேரும். ஒவ்வொரு தொகையும் முந்தையதைவிடப் பெரியது. ஒவ்வொன்றையும் கட்டுபவர் புதிதாக முடிவெடுப்பதில்லை, ஏற்கெனவே கட்டியதைக் காப்பாற்றத்தான் கட்டுகிறார். மூன்றாவது தொகையோடு நின்றுவிட்டால் கட்டிய மூன்றும் போய்விடுமே என்ற பயம்தான் நான்காவதைக் கட்ட வைக்கிறது.

உண்மையான விற்பவர்களும் அட்வான்ஸ் கேட்பார்கள் என்பதை மறுக்க முடியாது. பலர் பார்த்துவிட்டு வராமல் போவதால் அவர்களுக்கும் அலுப்பு. வேறுபாடு எங்கே என்றால், நேர்மையான அட்வான்ஸ் வண்டியைப் பார்த்த பிறகு வரும், பதிவுச் சான்றில் உள்ள பெயருக்குப் போகும், ஒரு தாளில் எழுதப்படும். அந்தத் தாளில் வண்டியின் பதிவு எண், சேசிஸ் எண், கொடுத்த தொகை, மீதி எப்போது, வியாபாரம் முறிந்தால் யாருக்கு எவ்வளவு திரும்பும் என்பதும் இரண்டு கையெழுத்தும் இருக்கும். இப்படி ஒரு தாள் எழுதலாமா என்று கேட்டுப் பாருங்கள். நேர்மையானவர் அதிகபட்சம் சலித்துக்கொள்வார். மற்றவர் காணாமல் போவார்.

இனி அந்தப் பெயர் விஷயம். வங்கி மாற்றல், உடனடிப் பணப் பரிமாற்றச் செயலி, பரிசு அட்டை, கிரிப்டோ, எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு: நாமாகத் தள்ளிவிடும் பணம். கிரெடிட் கார்டில் கொடுத்ததை மறுத்துக் கேட்க ஒரு வழி இருக்கிறது. தள்ளிவிட்ட பணத்துக்குப் பல இடங்களில் அந்த வழி இல்லை. பிரிட்டனில் இப்படி ஏமாற்றப்பட்டு அனுப்பிய பணத்தை வங்கிகள் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது, நிபந்தனைகளோடு. யூரோ நாடுகளின் வங்கிகள் 2025 அக்டோபர் 9 முதல், பணம் அனுப்பும் முன்பே பெறுபவரின் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்துச் சொல்ல வேண்டும்.

பெயர் காட்டும் வசதி உங்கள் வங்கியிலோ செயலியிலோ இருந்தால், அதில் வரும் பெயரைச் சரியான ஒன்றோடு ஒப்பிட வேண்டும். பெயரும் கணக்கும் பொருந்துகின்றன என்று திரை சொன்னால் அந்தக் கணக்கு அந்தப் பெயருள்ளவருடையது என்றுதான் அர்த்தம். மோசடிப் பணம் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த கணக்குகளில்தான் விழுகிறது. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கைக் கொடுத்த ஒரு உண்மையான மனிதரின் உண்மையான பெயர் அங்கே இருக்கும். அதனால் திரையில் வரும் பெயரை விற்பவர் சொல்லும் பெயரோடு ஒப்பிடாதீர்கள், பதிவுச் சான்றில் உள்ள பெயரோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் விளக்கம் தயாராக இருக்கும்: மனைவியின் கணக்கு, கம்பெனி அக்கவுண்டன்ட்டின் கணக்கு, என் கணக்கு இந்த வாரம் முடங்கியிருக்கிறது. அவற்றில் ஒன்று உண்மையாகக்கூட இருக்கலாம். அப்படியிருந்தால் உரிமையாளர் தன் அடையாள அட்டையோடு நேரில் நின்று, அந்தப் பெயருக்குப் பணம் போகச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதில் அவருக்குச் சிரமம் இருக்காது. பார்த்த வண்டி, அதன் பக்கத்தில் நிற்கும் ஆள், சான்றில் உள்ள பெயர், கணக்கில் உள்ள பெயர் என்ற நான்கும் ஒரே கோட்டில் வராத வரை நான் ஒரு காசும் அனுப்ப மாட்டேன்.

அனுப்பிவிட்டால்

அனுப்பிய பிறகு தெரிந்தால் முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு. மோசடிக்காரனிடம் பேசி ஒரு முடிவுக்கு வரலாம் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பணம் அடுத்த கணக்குக்கு நகர்கிறது. பெறும் வங்கியில் தொகை இன்னும் இருந்தால் முடக்க வாய்ப்பு உண்டு, எடுத்துவிட்டால் மிகக் கடினம். அடுத்து காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவு. அதற்குள் விளம்பரப் பக்கத்தையும் உரையாடலையும் படம் பிடித்து வையுங்கள். விளம்பரம் சில மணி நேரத்தில் நீக்கப்படும், அனுப்பிய செய்திகளும் அழிக்கப்படும். பரிமாற்ற எண், தேதி, நேரம், கணக்கு எண் இவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் ஒவ்வொரு இடத்திலும் நினைவிலிருந்து தேட வேண்டியிருக்காது.

சில வாரம் கழித்து ஒருவர் தொடர்புகொள்ளலாம். உங்கள் பெயர், இழந்த தொகை, வண்டியின் மாடல் எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். பணத்தை மீட்டுத் தருகிறோம், ஒரு சின்ன நடைமுறைக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்பார். விவரங்கள் அவருக்குத் தெரிந்ததற்குக் காரணம், அவர் அந்தக் கும்பலின் ஆளாகவோ அந்தக் கும்பலிடமிருந்து பட்டியல் வாங்கியவராகவோ இருப்பதுதான்.

இன்னொரு வேலையும் உண்டு, இதைச் செய்பவர்கள் குறைவு. படத் தேடலில் உண்மையான விளம்பரம் கிடைத்தால், அதைப் போட்டவரை அழைத்து உங்கள் வண்டிப் படங்களும் சான்றும் இன்னொருவன் கையில் சுற்றுகின்றன என்று சொல்லுங்கள். அவர் சான்றின் படத்தை நீக்கிவிட்டு, மிச்சப் படங்களின் நடுவே தன் தொலைபேசி எண்ணையே பெரிதாக எழுதி மறுபடி ஏற்றட்டும். அதோடு, நேரில் வந்து பார்க்கும் ஒவ்வொருவரிடமும் விலையை முதலில் அவரே சொல்லிவிடட்டும்.